ஆறு புள்ளி கூடியது: அது எவ்வளவு கூடுதல்?

நாவலப்பிட்டியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இன்று செயல்நிலை ஆய்வு செய்கிறார்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகச் சிலர், கல்விமாணிக்காகச் சிலர், தம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தால் மட்டும் வேறு சிலர். அந்த அறிக்கைகளில் கணிசமானவற்றை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்து வருகிறது. கற்பித்தல் முறையை மிக விரிவாக எழுதியிருப்பார்கள். ஆனால் முடிவுரை பெரும்பாலும் ஒரே வசனமாகத்தான் இருக்கும்: "மாணவரின் புள்ளிகள் அதிகரித்தமையால் இம்முறை வெற்றிகரமானது."

எவ்வளவு அதிகரித்தது, அந்த அளவு ஒரு பொருட்டா என்ற கேள்வி அங்கே கேட்கப்படுவதில்லை. இந்தக் கேள்விக்கென்றே புள்ளிவிபரவியலில் ஓர் அளவு இருக்கிறது. அதனை விளைவுப் பருமன் என்று சொல்லலாம். கணக்கு ஐந்தாந் தர வகுத்தல்தான். ஆனால் எதை எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது. ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோனால் இது விளங்கும்.

ஓர் உதாரண வகுப்பு

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் எங்கட பகுதி அறிக்கைகளில் வரும் எண்களின் சாயல் இவற்றில் உண்டு.

ஒரு பாடசாலையில் தரம் 10 இல் இரண்டு சமாந்தர வகுப்புகள். ஒவ்வொன்றிலும் 32 பிள்ளைகள். 10 ஏ வகுப்பில் ஆசிரியை ஒரு தவணை முழுவதும் கணிதத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தார். விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை. அதற்காக வாரத்தில் இரண்டு நாள் பாடசாலை விட்ட பின்பும் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டார். 10 பி வகுப்பில் வழமையான கற்பித்தல். தவணை முடிவில் இரண்டு வகுப்புக்கும் ஒரே வினாத்தாள்.

10 ஏ வகுப்பின் இடை 54 புள்ளி, 10 பி வகுப்பின் இடை 48. ஆசிரியை சொல்கிறார்: "பத்து பி-ய விட ஆறு மார்க்ஸ் கூடத்தான் ஈக்கி சேர். ஆனா இது காணுமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. மேலதிக வகுப்புக்குப் பிள்ளைகளின் பஸ் காசும் சிற்றுண்டியும் பழைய மாணவர் சங்கம் கொடுத்தது. அடுத்த வருடமும் கொடுப்பதா, அல்லது அந்தக் காசை வேறொன்றுக்குப் போடுவதா என்று கேட்கிறார்கள். "அதிகரித்தது" என்று மட்டும் சொன்னால் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

ஆறை எதனால் வகுப்பது?

ஆறு புள்ளி என்பது தனியே நின்று ஒன்றும் சொல்லாது. எல்லாப் பிள்ளைகளும் 45 இற்கும் 55 இற்கும் இடையில் நெருங்கி நிற்கும் ஒரு பரீட்சையில் ஆறு புள்ளி பெரிய பாய்ச்சல். 5 எடுத்தவரும் 95 எடுத்தவரும் இருக்கும் பரீட்சையில் அதே ஆறு புள்ளி இரைச்சலுக்குள் மறைந்துபோகும். ஆகவே புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதை அளவுகோலாக்க வேண்டும். அந்தப் பரவலை அளப்பதே நியம விலகல்.

இது எமக்குப் புதிதல்ல. எங்கள் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு எடுப்பதற்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பயன்படும் இஸட் புள்ளியும் இதே தத்துவந்தான். ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். இலகுவான பாடமும் கடினமான பாடமும் ஒரே தராசுக்கு வருவது அதனால்தான். இஸட் புள்ளி ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. விளைவுப் பருமன் ஒரு வகுப்பு மற்ற வகுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எமது உதாரணத்தில் 10 ஏ வகுப்பின் நியம விலகல் 17, 10 பி வகுப்பின் நியம விலகல் 15 என்று வைப்போம். இரண்டையும் சேர்த்து ஒரு பொது நியம விலகல் எடுக்க வேண்டும். 17 இன் வர்க்கம் 289, 15 இன் வர்க்கம் 225. இரண்டின் நடு 257, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. ஆறைப் பதினாறால் வகுத்தால் 0.37 வரும். இதுதான் விளைவுப் பருமன். அலகு கிடையாது, நூற்றுவீதமும் அல்ல. ஒரு நியம விலகலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட என்று வாசிக்க வேண்டும்.

கணினியில் செய்பவர்கள் 10 ஏ புள்ளிகளை B நிரலிலும் 10 பி புள்ளிகளை C நிரலிலும் இட்டு எக்செலில் இந்த ஒரு வரியைக் கொடுத்தால் போதும்:

```
=(AVERAGE(B2:B33)-AVERAGE(C2:C33))/SQRT((VAR.S(B2:B33)+VAR.S(C2:C33))/2)
```

இரண்டு வகுப்பிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்றாக அல்லது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது இது பொருந்தும்.

ஒரே வகுப்பு, மூன்று விடைகள்

இங்கேதான் அவதானம் தேவை. மேற்சொன்ன 0.37 இறுதி விடை அல்ல. தவணைத் தொடக்கத்தில் இரண்டு வகுப்புக்கும் ஒரு முற்சோதனை வைத்திருந்தார்கள். அதில் 10 ஏ வகுப்பின் இடை 45, 10 பி வகுப்பின் இடை 43. அதாவது புதிய முறை தொடங்கு முன்பே 10 ஏ இரண்டு புள்ளி முன்னால் நின்றது. அந்த இரண்டு புள்ளிக்கும் கற்பித்தல் முறைக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே ஒவ்வொரு வகுப்பும் எவ்வளவு முன்னேறியது என்று பார்க்க வேண்டும். 10 ஏ 45 இலிருந்து 54 இற்கு வந்தது: ஒன்பது புள்ளி. 10 பி 43 இலிருந்து 48 இற்கு வந்தது: ஐந்து புள்ளி. முறையின் பங்கு என்று நாம் உரிமை கொண்டாடக் கூடியது இரண்டுக்கும் இடையிலான நான்கு புள்ளியை மட்டுமே. நான்கைப் பதினாறால் வகுத்தால் 0.25.

ஆனால் நான் வாசிக்கும் அறிக்கைகளில் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் குழுவே இருப்பதில்லை. ஒரே வகுப்பின் முற்சோதனையையும் பிற்சோதனையையும் ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த வழியில் போனால் ஒன்பதைப் பதினாறால் வகுத்து 0.56 என்ற அழகான எண் கிடைக்கும். அந்த 0.56 இல் பாதிக்கு மேற்பட்டது புதிய முறை இல்லாமலே 10 பி வகுப்பும் பெற்றுக்கொண்ட வளர்ச்சி. ஒரு தவணை பாடசாலைக்குப் போனால் பிள்ளைகள் எப்படியும் எதையாவது படிப்பார்கள்தானே? அதையும் முறையின் கணக்கில் போடுவது நியாயமல்ல.

அதே பிள்ளைகள், அதே வினாத்தாள், ஆனால் 0.56, 0.37, 0.25 என்று மூன்று விடைகள். எந்தக் கூட்டத்திலாவது யாராவது ஒரு விளைவுப் பருமனைச் சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எதிலிருந்து எதைக் கழித்து எதனால் வகுத்தீர்கள்?" என்பதே.

வகுக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுத்த வகுப்பில் புள்ளிகள் நெருங்கி நிற்கும். அங்கே நியம விலகல் 8 ஆக இருந்தால் அதே நான்கு புள்ளி 0.50 ஆகிவிடும். பிள்ளைகள் கூடுதலாகப் படித்துவிடவில்லை, அளவுகோல்தான் சுருங்கிவிட்டது.

0.25 என்றால் சிறியதா, பெரியதா?

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹென் 1969 இல் வெளியிட்ட நூலில் 0.2 சிறியது, 0.5 நடுத்தரமானது, 0.8 பெரியது என்று எழுதினார். அதை அவர் உயரத்தை வைத்து விளக்கினார். 15 வயதுப் பெண் பிள்ளைகளுக்கும் 16 வயதுப் பெண் பிள்ளைகளுக்கும் உள்ள உயர வித்தியாசம் போன்றது 0.2. 14 வயதுக்கும் 18 வயதுக்கும் உள்ள வித்தியாசம் போன்றது 0.5, அது கண்ணால் பார்த்தாலே தெரியும். வேறு நல்ல ஒப்பீடு இல்லாதபோது மட்டும் இந்த எல்லைகளைப் பாவியுங்கள் என்றும் அவர் சொன்னார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு மூன்று எண்களை மட்டும் பலர் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

கல்விக்கு நல்ல ஒப்பீடுகள் உண்டு. மும்பாயிலும் வடோதராவிலும் பிரதம் நிறுவனம் பின்தங்கிய பிள்ளைகளை வகுப்பிலிருந்து தனியே எடுத்து, அவ்வூர் இளம் பெண்களைக் கொண்டு அடிப்படை வாசிப்பும் எண்ணும் கற்பித்தது. அதனை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் பெரும் எண்ணிக்கையான பாடசாலைகளில் எழுமாறாகத் தெரிவு செய்து பரிசோதித்து 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். விளைவுப் பருமன் முதலாம் வருடம் 0.14, இரண்டாம் வருடம் 0.28. உலகம் முழுக்கப் பேசப்பட்ட வெற்றி அது. திட்டம் நின்று ஒரு வருடம் கழிந்தபோது அது 0.10 அளவுக்குத் தேய்ந்துவிட்டது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

இன்னொன்று தமிழ்நாட்டில். கொவிட் காலத்தில் பதினெட்டு மாதம் பாடசாலைகள் மூடியிருந்தபின், 2021 டிசம்பரில் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்தபோது, 2019 இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளை விட அவர்கள் கணிதத்தில் ஏறத்தாழ 0.73 உம் தமிழில் 0.34 உம் பின்தங்கியிருந்தார்கள். சுமார் 19,000 பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு இது. பாடசாலைகள் திறந்து ஆறு மாதத்தில் இந்தக் குறையில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசியை அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளுக்கு உரியதென ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒன்றரை வருடம் பாடசாலையே இல்லாமல் போனதன் நட்டம் 0.73 என்றால், ஒரு தவணை மாலை வகுப்பு 0.25 கொடுப்பது லேசான காரியமல்ல.

இதனால்தான் கல்விப் பொருளியலாளர் மத்தியூ கிராஃப்ட் 2020 இல் வேறோர் அளவுகோலை முன்வைத்தார். முறையாகச் செய்த கல்விப் பரிசோதனைகளில், பொதுப் பரீட்சை போன்ற சோதனைகளை வைத்து அளந்தால் 0.05 இற்குக் கீழ் சிறியது, 0.20 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. அத்தோடு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார்.

சங்கத்துக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையாக மாற்றிச் சொன்னால் அவர்களுக்கு விளங்கும். 10 பி போன்ற வகுப்பில் இடை 48, பொது நியம விலகல் 16 என்றால், புள்ளிகள் மணிவளையி வடிவில் பரந்திருப்பதாகக் கொண்டு பார்க்கும்போது, 35 இற்குக் கீழே ஏறத்தாழ 21 வீதமான பிள்ளைகள் நிற்பார்கள். 32 பேரில் ஏழு பேர். அந்த வகுப்பே நான்கு புள்ளி மேலே நகர்ந்தால் 35 இற்குக் கீழே நிற்பவர்கள் 14 வீதமாகக் குறைவார்கள், அதாவது ஐந்து பேர் அளவில். கணிதத்தில் தவறும் ஏழு பேரில் இரண்டு பேர் 'எஸ்' எடுப்பார்கள். வகுப்பின் நடுவில், பதினாறாம் இடத்தில் நிற்கும் பிள்ளை பதின்மூன்றாம் இடத்துக்குப் போகும்.

இரண்டு பிள்ளைகள் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைக்கு உயர்தர வகுப்பிலும் தொழிற்பயிற்சிகளிலும் எத்தனை கதவு மூடும் என்பது இந்த ஊர்ப் பெற்றோருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தற்செயலா என்ற கேள்வி வேறு

விளைவுப் பருமனோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று 'பொருளுண்மை'. ஆய்வு மேற்பார்வையாளர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "டி சோதனை செய்தீர்களா? 0.05 இற்குக் கீழே வந்ததா?" அந்தச் சோதனை கேட்கும் கேள்வி வேறு. முறைக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் இப்படியொரு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்பதே அது. வித்தியாசம் பெரிதா என்று அது கேட்பதில்லை.

எமது ஆறு புள்ளி வித்தியாசத்துக்கு டி பெறுமானம் 1.5. பொருளுண்மை இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கமும் 32 இற்குப் பதில் 3,200 பிள்ளைகள் இருந்தால், ஒரேயொரு புள்ளி வித்தியாசத்துக்கே டி பெறுமானம் 2.5 ஆகிப் பொருளுண்மை உள்ளதாகிவிடும். அதன் விளைவுப் பருமனோ வெறும் 0.06. ஆகவே பொருளுண்மை உண்டு என்பதால் முறை பயனுள்ளது என்று ஆகாது. இல்லை என்பதால் முறை வீண் என்றும் ஆகாது.

நேர்மையான வழி, விளைவுப் பருமனோடு அதன் நம்பிக்கை ஆயிடையையும் கொடுப்பது. எமது 0.37 இற்கு 95 வீத ஆயிடை மறை 0.12 இலிருந்து 0.87 வரை போகிறது. உண்மையான பலன் பூச்சியமாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம் என்பதே இதன் பொருள். முற்சோதனையைக் கழித்து எடுத்த 0.25 இன் ஆயிடையும் வழமையாகப் பூச்சியத்தை உள்ளடக்கியே இருக்கும். 32 பேர் கொண்ட இரண்டு வகுப்பால் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அது ஆசிரியையின் குறையல்ல, எண்ணிக்கையின் குறை.

எண் எங்கே ஊதிப்போகிறது?

நான் முதலில் பார்ப்பது வினாத்தாளை. புதிய முறையில் கற்பித்த ஆசிரியரே வினாத்தாளையும் தயாரித்திருந்தால், குழுக்களில் பழகிய அதே வகைக் கணக்குகள் அதில் நிறைய இருக்கும். இது உள்நோக்கத்தால் வருவதல்ல. அலன் சியூங், ரொபர்ட் ஸ்லாவின் ஆகியோர் நூற்றுக்கணக்கான கல்வி ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியிட்ட கட்டுரையில், ஆய்வாளரே தயாரித்த சோதனைகளில் விளைவுப் பருமன் வெளிச் சோதனைகளில் வருவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதைக் காட்டினார்கள். சிறிய ஆய்வுகளிலும் அப்படியே. வலய மட்டத்தில் வரும் தவணைப் பரீட்சைத் தாளைப் பாவித்தால் இந்தப் பிரச்சினை பெருமளவு நீங்கும்.

அடுத்து ஒப்பீட்டு வகுப்பு. சமாந்தர வகுப்பு இல்லாத சிறிய பாடசாலைகளில் பக்கத்துப் பாடசாலை வகுப்பை எடுப்பார்கள். முஸ்லிம் பாடசாலையை அயலிலுள்ள தமிழ்ப் பாடசாலையோடு ஒப்பிடும்போது நாட்காட்டியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். றமழான் விடுமுறையால் எமது தவணைகள் வேறாக ஓடுகின்றன. ஒரு பக்கம் பன்னிரண்டு வாரம் படித்த பிள்ளை, மறுபக்கம் ஒன்பது வாரம் படித்த பிள்ளை என்றால், அந்த மூன்று வாரத்தின் பலனை முறையின் பலனாக எண்ணிவிடுவோம்.

மூன்றாவது, மேலதிக நேரம். எமது உதாரணத்தில் 10 ஏ வாரத்தில் இரண்டு மணி நேரம் கூடப் படித்தது. ஆகவே 0.25 குழுமுறையால் வந்ததா, வெறுமனே கூடப் படித்ததால் வந்ததா என்று இந்த ஆய்வால் பிரிக்க முடியாது. 10 பி வகுப்புக்கும் அதே இரண்டு மணி நேரம் வழமையான முறையில் கொடுத்திருந்தால் பிரித்திருக்கலாம். இரண்டு வகுப்பையும் வெவ்வேறு ஆசிரியர்கள் எடுத்திருந்தால் ஆசிரியரின் பலனும் அதே போல் கலந்துவிடும்.

எட்டு வகுப்பறைகள் சேர்ந்தால்

0.25 அளவான பலனை, பிற்சோதனையை மட்டும் வைத்து, ஓரளவு உறுதியோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 250 பிள்ளைகள் வேண்டும். தனியொரு ஆசிரியருக்கு இது முடியாது. ஆனால் நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்தில் தரம் 10 கணிதம் எடுக்கும் எட்டு ஆசிரியர்கள் சேர்ந்தால் எட்டு முப்பத்திரண்டு 256. ஒவ்வொருவரும் தமது இரண்டு சமாந்தர வகுப்பில் எது புதிய முறையைப் பெறும் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கலாம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் உண்மையில் இதைவிடக் கூடுதலான வகுப்புகள் தேவைப்படும். முற்சோதனைப் புள்ளிகளைச் சேர்த்தால் அந்தத் தேவை குறையும்.

எட்டுப் பாடசாலையிலும் ஒரே வினாத்தாள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. விளைவுப் பருமனுக்கு அலகு இல்லாததால் ஒருவரின் 0.25 ஐயும் இன்னொருவரின் 0.10 ஐயும் ஒரே நிரலில் எழுதி, பெரிய வகுப்புக்குக் கூடிய நிறை கொடுத்து இடை காணலாம். அமெரிக்கரான ஜீன் கிளாஸ் 1976 இல் பெயர் சூட்டிய தொகுப்பாய்வு முறையின் அடித்தளம் இதுவே.

அதற்கு ஒவ்வோர் அறிக்கையிலும் சில எண்கள் தவறாமல் இருக்க வேண்டும். இரண்டு குழுவிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை, முற்சோதனையின் இடையும் நியம விலகலும், பிற்சோதனையின் இடையும் நியம விலகலும். நியம விலகலை விட்டுவிட்டு இடையை மட்டும் எழுதிய அறிக்கையை யாராலும் பின்பு பயன்படுத்த முடியாது. அந்த ஆசிரியரின் ஒரு தவணை உழைப்பும் அலுமாரியில் கிடக்கும்.

உதாரணத்து ஆசிரியை சங்கத்திடம் என்ன சொல்லலாம்? "முறைக்கும் மேலதிக நேரத்துக்கும் சேர்த்து விளைவுப் பருமன் 0.25. இது நிலைத்தால் ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகள் கணிதத்தில் கூடுதலாகச் சித்தியடைவார்கள். ஆனால் 64 பிள்ளைகளை மட்டும் பார்த்த கணக்கு இது, தற்செயலாகவும் இருக்கலாம். அடுத்த வருடம் 10 பி வகுப்புக்கும் அதே மேலதிக நேரத்தைக் கொடுத்து, வலய வினாத்தாளை வைத்து இன்னொரு முறை பார்ப்போம். அந்த ஒரு வருடத்துக்கு உதவுங்கள்." இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் காசு கொடுப்பவர்களுக்கு எதை நம்பிக் கொடுக்கிறோம் என்பது தெரியும்.